நெறிகட்டியும் நள்ளிரவுத் தேடலும்

இரவு படுத்திருக்கும்போது தற்செயலாகக் கை கழுத்தில் பட, தாடைக்குக் கீழே பட்டாணி அளவில் ஏதோ உருளுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெண் செல்போனை எடுத்து ‘கழுத்தில் கட்டி’ என்று தேடுகிறார். சற்று நேரத்தில் நிணநீர்ப் புற்றுநோய் வரை போய்விடுகிறார். பெரிதாகியிருக்கிறதோ என்று மறுபடி மறுபடி அழுத்திப் பார்க்கிறார். 2 மணிக்கு அந்த இடம் வலிக்கவே தொடங்கிவிடுகிறது.

வலிக்குக் காரணம் அவருடைய விரல்தான். பல் சொத்தை, தொண்டைப் புண், தலையில் புண் என எது வந்தாலும் நெறிகட்டும். அது சரியான பிறகும் சில வாரங்கள் கையில் தட்டுப்படும். 1 செ.மீ.க்குள், மென்மையாக, விரலுக்கு நழுவினால் பெரும்பாலும் பயமில்லை. கல் போல இறுகி, நகராமல், வளர்ந்துகொண்டே போனால் காட்ட வேண்டும். 4 வாரமாகியும் வடியாவிட்டாலும், காறை எலும்புக்கு மேலே இருந்தாலும், காரணமில்லாத காய்ச்சலோ எடைக் குறைவோ சேர்ந்துகொண்டாலும் அப்படித்தான்.

இவையெல்லாம் இணையத்திலும் உண்டு. ஆனால், எது அடிக்கடி வருவது, எது அபூர்வம் என்பது அங்கே தெரிவதில்லை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ரையன் வைட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் 2008இல் இதை ஆராய்ந்தார்கள். சாதாரணத் தலைவலியைத் தேடினாலும், மிக அபூர்வமான மூளைக் கட்டி முன்னால் வந்து நிற்பதைக் கண்டார்கள்.

அந்தப் பெண்ணின் அத்தை, நோய் முற்றிய பிறகே தெரியவந்து இறந்தவர். ‘நானும் கவனிக்காமல் விட்டால் என் பிள்ளை தாயில்லாமல் நிற்கும்’ என்பதே உள்ளே இருக்கும் பயம். அது நூற்றுக்கு நூறு உறுதி கேட்கிறது. எந்த ஸ்கேனாலும் அதைத் தர முடியாது. “ஒண்ணுமில்ல, தூங்கு” என்று கணவர் சொல்லும் ஆறுதலும் அரை மணி நேரம்தான் தாங்கும். பிறகு மறுபடி கேட்கத் தோன்றும்.

அதனால், பகலில் ஒரே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். “மறுபடி எப்போ காட்டணும் டாக்டர்? என்ன மாறினா அதுக்கு முன்னாடியே வரணும்?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தேதி வரை தொடுவதும் தேடுவதும் வேண்டாம். இரவில் தேடத் தோன்றினால் மறுநாள் மாலை 6 மணிக்குத் தள்ளிவையுங்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். முதல் சில இரவுகள் பதற்றம் கூடத்தான் செய்யும். தேடாமலே அது தணிவதை மனம் நேரில் பார்க்க வேண்டும். சிகிச்சையின் உயிர்நாடி இதுதான். கணவரும் பதிலை மாற்றிக்கொள்ளலாம்: “பயமா இருக்குன்னு தெரியுதும்மா. டாக்டர் சொன்ன தேதி வரட்டும். நான் பக்கத்துலதான் இருக்கேன்.”

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது போன்றவற்றுக்கு இந்தத் தள்ளிவைப்பு பொருந்தாது. உடனே 108ஐ அழையுங்கள். மாதக்கணக்கில் இந்தப் பயம் தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், அரசின் டெலி மானஸ் எண் 14416இல் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.