பழைய மேலாளருக்கு ஒரு மெயில்

புது வேலை ஏறக்குறைய முடிவான நேரத்தில் எச்.ஆர். கேட்பார்: "முன்பு உங்களை நேரடியாக மேற்பார்வையிட்டவர் ஒருவரின் நம்பர் கொடுங்கள்." பலர் பழைய மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லாமலேயே நம்பரை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். தெரியாத நம்பர் என்று அவர் எடுப்பதில்லை. எடுத்தாலும், "ஆமாங்க, நல்லா வேலை பார்த்தாங்க" என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் நினைவுக்கு வராது. அதைக் கேட்பவருக்கோ குறித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது.

ஆகவே முதலில் சம்மதம் கேட்க வேண்டும். டீ ஆறுவதற்குள் அந்த மெயிலை எழுதிப் பார்த்துவிடலாம்.

"சார், நலமா? ஒரு ரெஃபரன்ஸ் வேண்டும், முடியுமா?" என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறோம். இதைப் படிக்கும் மனிதருக்கு எத்தனை வேலை பாருங்கள். என்ன வேலைக்கு, யார் கூப்பிடுவார்கள், எப்போது, கடிதமா போனா என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யோசித்தும் பார்க்க வேண்டும். சாயங்காலம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவைப்பார், மெயில் அடியில் போய்விடும். மனம் இல்லாமல் அல்ல, வேலை அதிகம் என்பதால்.

கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருந்த பெண் ஒருவர், ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் இடத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பழைய மேலாளர் இப்போது ஓசூரில் வேறு கம்பெனியில் இருக்கிறார். அனுப்புவது ஆங்கிலத்தில் இருக்கலாம். விஷயம் இப்படி அமைய வேண்டும்:

"தலைப்பு: ரெஃபரன்ஸ் தர முடியுமா? 14ஆம் தேதிக்குள் 10 நிமிட போன்

சார், வணக்கம். 2019 முதல் 2022 வரை கோயம்புத்தூரில் உங்களுக்குக் கீழே தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். இப்போது ஒரகடத்தில் தர ஆய்வுப் பொறியாளர் வேலைக்குக் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். என் வேலையைப் பற்றி நிறைவாகச் சொல்ல முடியும் என்று நினைத்தால், அவர்களுடைய எச்.ஆர். 12 முதல் 14ஆம் தேதிக்குள் ஒருமுறை உங்களைக் கூப்பிடுவார். நீங்கள் சரி என்ற பிறகுதான் நம்பரைக் கொடுப்பேன்.

சப்ளையர்களிடம் எப்படிப் பேசுவேன், குறையின் காரணத்தை எப்படித் தேடுவேன் என்று கேட்பார்களாம். கேஸிங் வார்ப்பில் ப்ளோ ஹோல் விழுந்து ஹைட்ரோ டெஸ்ட்டில் கசிந்தபோது, ஃபவுண்டரிக்கே போய் மணலின் ஈரம் கூடுதலாக இருந்ததைக் கண்டுபிடித்தது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

இப்போது தோதுப்படாது என்றால் 'இயலாது' என்று ஒரு வரி போதும், சார். காரணம் வேண்டாம், வேறொருவரைக் கேட்டுக்கொள்வேன்."

இதற்கு அவர் "சரிம்மா, 13ஆம் தேதி மாலை" என்று போனிலேயே தட்டிவிடலாம்.

ப்ளோ ஹோல் சம்பவத்தைக் கவனியுங்கள். அது அவர் கண்ணெதிரே நடந்தது, புது வேலையில் கேட்கப்போகும் கேள்விக்கும் நேராகப் பொருந்துகிறது. ஒன்றிரண்டு சம்பவம் போதும். அவர் மாறிப்போன பிறகு நீங்கள் செய்த சாதனையைச் சேர்க்காதீர்கள். கூப்பிடுபவர் துருவிக் கேட்டால் அவர் திணறுவார், அந்தத் திணறல் உங்கள் மேல் சந்தேகமாக விழும்.

"நிறைவாகச் சொல்ல முடியும் என்று நினைத்தால்" என்பதும் கடைசிப் பத்தியும் மறுக்க வழிவிடுவதற்காக. நாமே ஏன் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று தோன்றும். தாட்சண்யத்துக்காக ஒப்புக்கொண்டவர் போனில் இழுத்து இழுத்துப் பேசினால், ரெஃபரன்ஸே இல்லாததைவிட அது கெடுதல். அவர் இப்போதே மறுத்துவிட்டால் உங்களுக்கு வேறு ஆள் பார்க்க நாள் இருக்கும்.

சில கம்பெனிகளில் மேலாளர்கள் அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்றே விதி உண்டு, எச்.ஆர். மட்டும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி மூன்றையும் உறுதிசெய்யும். மேலாளர் இன்னும் அங்கேயே இருந்தால் லெட்டர்ஹெட்டில் கடிதம் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். தனிப்பட்ட முறையில் போனில் பேச முடியுமா என்று கேளுங்கள். வேறு இடத்துக்குப் போய்விட்டவரால் பழைய கம்பெனியின் தாளில் எழுதித் தரவே முடியாது.

"நீயே எழுதி அனுப்பும்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்பவர்களும் உண்டு. அப்போது முழுக் கடிதத்தை அனுப்பாமல் தேதி, பொறுப்பு, நடந்த சம்பவம் ஆகியவற்றை மட்டும் குறிப்பாக அனுப்புவதே நல்லது என்பேன். வார்த்தை அவருடையதாக இருந்தால்தான் பிறகு போனில் கேட்டாலும் அதையே சொல்வார்.

பதில் வராவிட்டால் நாலைந்து நாள் கழித்து அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள். அதற்கும் மௌனம் என்றால் உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்த டீம் லீடரைக் கேளுங்கள். ஒப்புக்கொண்டவருக்கு, அழைப்புக்கு முந்தின நாள் கூப்பிடப்போகிறவரின் பெயரையும் நம்பரையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தெரியாத நம்பர் என்று விட்டுவிட மாட்டார்.