அழகு என்று எழுதினால் அஸ்தமனம்தான் வரும்

தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கும் ஒரு சிறுகதைக்குப் படம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓவியரைப் பிடிக்க நேரமில்லை. சொற்களைக் கொடுத்தால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றில், “அழகான உப்பளம், பிரமிக்க வைக்கும் காட்சி” என்று ப்ராம்ட் எழுதுகிறோம். அநேகமாக வருவது இதுதான்: ரோஜா நிற வானம், அதை அப்படியே காட்டும் கண்ணாடித் தண்ணீர், ஒரே அளவில் வரிசையாக நிற்கும் கூம்புக் குவியல்கள். ஆள் இருந்தால் தூரத்தில் ஒரு நிழலுருவம். போதாததற்குக் கடல் மேல் சூரியன் மறைந்துகொண்டிருக்கும். தூத்துக்குடிக் கடல் கிழக்கே இருக்கிறது என்பது கருவிக்கு யார் சொன்னது?

படம் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் கதையில் உப்பு வாரும் பெண் அதில் இல்லை.

இது ஏன் என்று புரிய, கருவி எப்படிப் பழகியது என்று பார்க்க வேண்டும். 2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் நல்ல உதாரணம், அதன் பயிற்சித் தரவு பற்றிய விவரங்கள் வெளிப்படையாக இருப்பதால். அது பழகியது லயான்-5பி என்ற தொகுப்பின் பகுதிகளில். இணையத்தில் கிடக்கும் படங்களையும் அவற்றோடு ஒட்டியிருக்கும் குறிப்புகளையும் சேர்த்து, சுமார் 585 கோடி ஜோடிகளைக் கொண்ட தொகுப்பு அது. எந்தச் சொல் எந்த மாதிரிப் படங்களோடு வந்திருக்கிறது என்பதுதான் கருவிக்குத் தெரிந்த பொருள். ‘குடை’ என்ற சொல்லோடு வந்த படங்களில் குடை இருந்திருக்கும். ‘அழகான’ என்ற சொல்லோடு வந்தவை? கல்யாணச் சேலை, மலையருவி, நாய்க்குட்டி, விற்பனைக்கு வந்த வீடு, நகைக்கடை விளம்பரம். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான பொருள் ஒன்றுமில்லை. பொதுவாக இருப்பது மினுமினுப்பு: பளிச்சென்ற நிறம், மெல்லிய ஒளி, மங்கலான பின்னணி. சொல்லை எழுதினால் அந்த மினுமினுப்புதான் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் பிந்தைய கட்டப் பயிற்சிக்குப் படங்களைப் பொறுக்கும்போது, மனிதர்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று ஊகித்து மதிப்பெண் போடும் ஒரு நிரலைப் பயன்படுத்தினார்கள். குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் வாங்கிய படங்களே எடுத்துக்கொள்ளப்பட்டன. கேட்காமலேயே கண்ணுக்கு இதமான படத்தின் பக்கம் சாயும் கருவியிடம் ‘அழகாக’ என்று சொல்வது ஏற்கெனவே சாய்ந்திருப்பதை இன்னும் தள்ளிவிடுவது. ‘பிரமாதமான’, ‘அற்புதமான’, ‘மனதை மயக்கும்’ எல்லாம் இதே கணக்குதான். இவற்றால் விளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். விளைவு உண்டு, எல்லாப் படத்துக்கும் ஒரே விளைவு. அழகான பெண் என்று கேட்டால் சுருக்கமில்லாத தோலும் ஒப்பனையுமாக ஓர் இளம்பெண் கேமராவைப் பார்ப்பதும் இதனால்தான்.

இப்போது உப்பளத்துக்குத் திரும்புவோம். அந்தச் சொற்களை எடுத்துவிட்டு, நமக்கு எது அழகாகப் பட்டது என்று யோசித்தால் ஒவ்வொன்றுக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய காரணம் இருக்கும். காலை வெயில் தாழ்வாக விழுந்து ஒவ்வொரு வரப்பின் நிழலையும் நீட்டுவது. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு குனிந்திருக்கும் பெண். ப்ராம்டில் போக வேண்டியவை இவைதான்:

“காலை ஏழு மணி வெயில், இடப்பக்கத்திலிருந்து தாழ்வாக விழுகிறது. ஐம்பது வயதுத் தமிழ்ப் பெண், மெலிந்த உடல், பருத்திச் சேலைக்கு மேல் கட்டம் போட்ட ஆண்கள் முழுக்கைச் சட்டை, தலையில் சுற்றிய துண்டு. நீண்ட மரக்கம்பின் நுனியில் அகலமான பலகை பொருத்திய கருவியால், ஆழமில்லாத தண்ணீரில் படிந்த உப்பைக் கரைக்கு இழுக்கிறாள். பார்வை தரையில். பின்னால் மண் வரப்புள்ள சதுரப் பாத்திகள். கேமரா அவள் இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில். முழு உருவமும் தெரிகிறது.”

இதில் அதிக வேலை செய்வது ஒளி பற்றிய வரி. நேரம், திசை, உயரம் மூன்றையும் சொல்லிவிட்டால் நிறமும் நிழலும் தாமாக அமைந்துவிடும். சரிபார்ப்பதும் சுலபம்: வெயில் இடப்பக்கம் என்றால் நிழல் வலப்பக்கம் விழ வேண்டும். ‘பிரமிப்பு’ சரியாக வந்திருக்கிறதா என்று இப்படிச் சரிபார்க்க வழியில்லை. அடுத்தது கேமரா நிற்கும் இடம். அதைச் சொல்லாவிட்டால் உப்பளத்துக்குப் பெரும்பாலும் உயரத்திலிருந்து எடுத்த அகலக் காட்சிதான் கிடைக்கும், சுற்றுலாப் படங்கள் அப்படி இருப்பதால். ‘பார்வை தரையில்’ என்ற சின்னத் தொடர் அவள் கேமராவைப் பார்த்துச் சிரிப்பதைத் தடுக்கும்.

வாரும் பலகையை ஏன் இத்தனை நீட்டி எழுத வேண்டும்? உப்பளத்தில் அதற்கு வழங்கும் பெயர் பயிற்சிப் படங்களின் குறிப்புகளில் அபூர்வம். பெயர் தெரியாத பொருளுக்குக் கருவி துடைப்பத்தையோ மண்வெட்டியையோ கொடுத்துவிடும். உள்ளூர்ப் பொருள் எதுவானாலும் வடிவத்தைச் சொல்வதுதான் உத்தி.

விவரம் நல்லது என்பதற்காக அள்ளிக் கொட்டவும் முடியாது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகளில் ப்ராம்டைப் படிக்கும் பகுதி 77 டோக்கன்களோடு நிறுத்திக்கொள்ளும். டோக்கன் என்பது சொல்லின் துண்டு. அந்தப் பகுதி பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழகியது. தமிழ்ச் சொல் பல துண்டுகளாக உடைவதால் மேலே உள்ள ப்ராம்டின் பாதிகூட அதற்குள் அடங்காது. அங்கே ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கமாக எழுதுவதே நடைமுறை. புதிய கருவிகள் நீண்ட ப்ராம்டையும் தாங்குகின்றன. ஆனாலும் நிறங்கள் இடம் மாறுவது தொடர்கிறது: நீலச் சட்டை, சிவப்புத் துண்டு என்று கேட்டால் சில சமயம் துண்டு நீலமாகிவிடும். முக்கியமான நிறம் ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிடுவது உத்தமம். “அஸ்தமனம் வேண்டாம்” என்று எழுதுவதும் ஆபத்து, அஸ்தமனம் என்ற சொல் உள்ளே போய்விட்டதே! வேண்டாததை எழுதத் தனிப் பெட்டி இருந்தால் அங்கே எழுதலாம். இல்லையென்றால் காலை ஏழு மணி என்பதே போதும்.

2023இல் வந்த டால்-இ 3, சாட்ஜிபிடி வழியாகப் பயன்படுத்தியபோது, நாம் எழுதிய சின்ன வாக்கியத்தைத் தானே விரிவாக்கி எழுதிவிட்டுத்தான் வரைந்தது. அதனால் ‘அழகான உப்பளம்’ என்று மட்டும் கேட்டாலும் விவரமான படம் வந்தது. வேலை மிச்சம் என்று தோன்றலாம். அந்த விவரங்களை முடிவு செய்தவர் நாம் அல்ல என்பதுதான் சிக்கல். நாம் சொல்லாமல் விட்ட வயது, உடை, நேரம் எல்லாவற்றையும் அது தன் வழக்கப்படி நிரப்பியிருக்கும்.

ஒரு சொல் வேலை செய்கிறதா என்று அறியச் சோதனை உண்டு. பல கருவிகளில் ‘சீட்’ என்று ஓர் எண் இருக்கும். படம் எந்தப் புள்ளிச் சிதறலிலிருந்து தொடங்குகிறது என்பதை அது நிர்ணயிக்கிறது. அந்த எண்ணை மாற்றாமல் ஒரே ஒரு சொல்லை எடுத்துவிட்டு மறுபடி வரையச் சொல்ல வேண்டும். ‘இடப்பக்கத்திலிருந்து’ போனால் நிழல் நகரக்கூடும். ‘அற்புதமான’ போனால் பெரும்பாலும் நிறத்தின் பளபளப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இத்தனைக்குப் பிறகும் வாரும் பலகை கோணலாக வரலாம், கம்பு கைக்குள் புகுந்து மறுபுறம் வேறு இடத்தில் முளைக்கலாம். மீண்டும் மீண்டும் சொல்லை மாற்றுவதில் அதற்குப் பலனில்லை. மாதிரிப் படத்தை ஏற்கும் கருவியாக இருந்தால், அந்தப் பலகையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக் கூடவே கொடுத்துவிடலாம்.