பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது

ஏ.டி.எம். கொஞ்ச நேரம் ஓடி ஓய்ந்துவிடுகிறது. நோட்டு வரவில்லை. ஆனால் 10,000 ரூபாய் எடுக்கப்பட்டதாகக் கைபேசியில் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. மறுநாள் கிளைக்குப் போனால், "எங்க சிஸ்டத்துல சக்சஸ்னு காட்டுதே சார், பணம் வந்திருக்கும்" என்கிறார்கள். பணத்தை இழந்தவரைப் பொய்யர் ஆக்கும் இந்தப் பதில் எங்கே தவறுகிறது என்று வாடிக்கையாளரும் தெரிந்துகொள்ள வேண்டும், கிளையில் இருப்பவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேறொரு வங்கியின் ஏ.டி.எம்மில் உங்கள் கார்டைப் போட்டால், கோரிக்கை அந்த வங்கியிலிருந்து தேசியப் பண வழங்கல் கழகத்தின் இணைப்பு வழியாக உங்கள் வங்கிக்கு வருகிறது. இருப்பு இருந்தால் உங்கள் வங்கி தொகையைக் கழித்துவிட்டு, 'கொடுக்கலாம்' என்று ஒப்புதல் அனுப்புகிறது. அதற்குப் பிறகுதான் இயந்திரம் நோட்டை எண்ணத் தொடங்கும். அதாவது, கணக்கில் கழிவது முதலில், நோட்டு வெளியே வருவது கடைசியில். நடுவில் நோட்டு சிக்கிக்கொண்டால் இயந்திரம் 'கொடுக்க முடியவில்லை' என்று திருப்பிச் செய்தி அனுப்ப வேண்டும். பல சமயம் அப்படி அனுப்பிவிடுகிறது, கழிந்த பணமும் தானாகத் திரும்பிவிடுகிறது. இணைப்பு அறுந்து அந்தச் செய்தி போகாவிட்டால் பற்று அப்படியே நின்றுவிடும். கிளையின் திரையில் தெரியும் 'சக்சஸ்' இந்த ஒப்புதலைத்தான் சொல்கிறது. நோட்டு கைக்கு வந்ததா என்பது அதற்குத் தெரியாது.

அதைச் சொல்லும் சாட்சிகள் வேறு. ஒவ்வொரு ஏ.டி.எம்மும் தன் அசைவுகளை நிமிடக் கணக்கில் ஒரு பதிவில் எழுதி வைக்கிறது. எலக்ட்ரானிக் ஜர்னல் என்பது அதன் பெயர். எந்தப் பெட்டியிலிருந்து எத்தனை நோட்டு எடுக்கப்பட்டது, வாசலுக்கு வந்ததா, பிழை ஏதும் நேர்ந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்னொன்று பணக் கணக்கு. இயந்திரத்தில் 500 ரூபாய் நோட்டு 2,000 வைத்தார்கள் என்று கொள்வோம். பதிவுகளின்படி 1,460 நோட்டுகள் வெளியே போயிருக்கின்றன. மீதி 540 இருக்க வேண்டும். திறந்து எண்ணும்போது பெட்டியில் 540, ஒதுக்கப்பட்ட நோட்டுகள் விழும் பெட்டியில் 20. அந்த 20 நோட்டுதான் வாடிக்கையாளரின் 10,000 ரூபாய். உபரி இருந்தால் அவர் சொன்னது உண்மை என்பதற்கு அதைவிட வலுவான சான்று வேண்டாம். அதே நாளில் இருவர் இப்படிப் புகார் கொடுத்திருந்தால், உபரி யாருடையது என்பதை ஜர்னலில் உள்ள நேரம் சொல்லும்.

ஆகவே புகாரில் ஏ.டி.எம். இருக்கும் இடம், தேதி, நேரம், தொகை, சீட்டு வந்திருந்தால் அதன் எண் எல்லாம் எழுதி, ஜர்னலையும் பண உபரிக் கணக்கையும் பார்த்துப் பதில் தருமாறு கேளுங்கள். கேமரா பதிவு நாளாக ஆக அழிந்துவிடும் என்பதால் அதையும் உடனே பாதுகாக்கச் சொல்லுங்கள். புகாரைக் கொடுக்க வேண்டியது கார்டு தந்த உங்கள் வங்கியிடம். ஏ.டி.எம். யாருடையதாக இருந்தாலும், அந்த வங்கியிடம் கேட்டுப் பெறுவது உங்கள் வங்கியின் வேலை. "அந்த பேங்க்ல போய்க் கேளுங்க" என்று எந்தக் கிளையும் அனுப்பக் கூடாது. கூகுளில் தேடி எடுத்த 'உதவி எண்'ணுக்கு மட்டும் அழைத்துவிடாதீர்கள். பணம் மீட்டுத் தருகிறேன் என்று ஓ.டி.பி. கேட்பவர் மோசடிக்காரர்.

காலக்கெடுவும் உண்டு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் வங்கி தானாகவே பணத்தைத் திருப்பிவிட வேண்டும். விடுமுறை நாளும் இந்தக் கணக்கில் சேரும். தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. 3ஆம் தேதி பணம் கழிந்தது என்றால் கெடு 8ஆம் தேதி. 14ஆம் தேதி வரவு வைத்தால் தாமதம் 6 நாள்; 10,000 ரூபாயுடன் 600 ரூபாய் சேர்த்து வர வேண்டும். இந்த 600ஐ வாடிக்கையாளர் கேட்டுத்தான் தர வேண்டும் என்பதில்லை. ஆனாலும் அசல் வந்த மகிழ்ச்சியில் இழப்பீட்டைப் பார்க்காமல் விட்டுவிடுவோர் உண்டு. பாஸ்புக்கில் அந்த வரவு தனியே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வங்கி மறுத்தாலோ 30 நாளுக்குள் பதில் தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். புகாருடன் வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகலையும், குறுஞ்செய்தியையும், கணக்கு அறிக்கையின் அந்தப் பக்கத்தையும் இணைக்க வேண்டும். வங்கி ஜர்னலையோ உபரிக் கணக்கையோ காட்டாமல் 'சக்சஸ்' என்று மட்டும் பதில் எழுதியிருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.