தோட்டத்து வீட்டின் மதிப்பும் மாத வரிப் பிடித்தமும்

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் கிராணியாகவும் கண்டக்டராகவும் வேலை செய்பவர்கள் சம்பளச் சீட்டை நம்மிடம் நீட்டி, "வாத்தியாரே, வீட்டுக்கு வாடகையே இல்லை. அப்படியிருக்க அதற்கு எதற்கு வரி?" என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண, ஒரு கிராணியின் ஓராண்டுக் கணக்கை இன்று போட்டுப் பார்ப்போம்.

இந்தக் கிராணி கற்பனை மனிதர். அவருக்கு மாதச் சம்பளம் 4,200 வெள்ளி. பொறுப்புப்படி 300 வெள்ளி. தோட்ட வேலையாக வெளியே போய்வர பெட்ரோல்படி 400 வெள்ளி. குடியிருக்கத் தோட்டத்திலேயே ஒரு வீடு. மனைவிக்கு வருமானம் இல்லை. பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள்.

படி என்ற பெயரில் வருவதெல்லாம் ஒன்றல்ல. பொறுப்புப்படி சம்பளத்தைப் போன்றதே. முழுவதும் கணக்கில் சேரும். அலுவல் பயணத்திற்கான பெட்ரோல்படி ஆண்டுக்கு 6,000 வெள்ளி வரை வரிக்கு உட்படாது. இவருடையது 4,800 வெள்ளிதான். ஆகவே அதை ஒதுக்கிவிடலாம். மிஞ்சுவது மாதம் 4,500 வெள்ளி, ஆண்டுக்கு 54,000.

அடுத்து வீடு. முதலாளி தரும் வீடும் வருமானமே என்கிறது 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். பட்டணத்தில் சாதாரண வீடு தந்தால், அதன் வாடகை மதிப்பு, சம்பளத்தில் நூற்றுக்கு 30 பங்கு, இவ்விரண்டில் எது குறைவோ அதைச் சேர்க்க வேண்டும். ஆனால் வீடு தோட்டத்திற்குள் இருந்தால் நூற்றுக்கு 3 பங்குதான். நம் கிராணிக்கு அது 1,620 வெள்ளி. ஆக மொத்த வருமானம் 55,620 வெள்ளி.

இனி கழிவுகள். தனக்கு 9,000, மனைவிக்கு 4,000, பிள்ளைக்கு 2,000 வீதம் 4,000. ஊழியர் சேமநிதிக்கு இவர் கட்டுவது 5,940 வெள்ளி என்றாலும் 4,000 வரைதான் கழிக்கலாம். மொத்தம் 21,000 போக, வரிக்குரிய வருமானம் 34,620 வெள்ளி.

2023ஆம் ஆண்டு முதல் உள்ள விகிதப்படி, முதல் 5,000 வெள்ளிக்கு வரியில்லை. அடுத்த 15,000 வெள்ளிக்கு நூற்றுக்கு 1, அதற்கடுத்த 15,000 வெள்ளிக்கு 3, பிறகு 50,000 வெள்ளி வரை 6. இவருக்கு முதல் 20,000 வெள்ளிக்கு 150, மீதி 14,620 வெள்ளிக்கு 438.60, ஆக 588.60 வெள்ளி வரி. வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளியைத் தாண்டாதவருக்குத் தனக்காக 400, மனைவிக்காக 400 என்று வரியிலேயே தள்ளுபடி உண்டு. அதனால் இவர் கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை.

இதே கிராணிக்குத் தோட்டத்து வீட்டுக்குப் பதிலாக, முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயாவின் ஒரு தாமானில் மாதம் 800 வெள்ளி வாடகைக்கு வீடு பிடித்துத் தந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடகை ஆண்டுக்கு 9,600. சம்பளத்தில் 30 பங்கு 16,200. குறைந்தது 9,600 என்பதால் அதுவே சேரும். வரிக்குரிய வருமானம் 42,600 ஆகிறது. முதல் 35,000 வெள்ளிக்கு 600, மீதி 7,600 வெள்ளிக்கு 456, ஆக 1,056 வெள்ளி. தள்ளுபடியும் போய்விட்டது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 88 வெள்ளி பிடித்தம்.

தோட்டத்திற்குள்ளேயே குடியிருப்பவருக்கும் தவறிப்போய்ப் பட்டணத்துக் கணக்கைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? இல்லாத வரிக்கு மாதம் 88 வெள்ளி போகும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஆண்டு முடிந்ததும் முதலாளி தரும் ஈஏ படிவத்தில் குடியிருப்பின் மதிப்பு என்று தனியாக ஒரு தொகை இருக்கும். அதே படிவத்தில் உள்ள சம்பளம், படி, போனஸ் மொத்தத்தில் அது நூற்றுக்கு எத்தனை என்று பாருங்கள். 3க்கு மேல் இருந்தால் ஆபீசில் போய்க் கேட்க வேண்டும்.

இன்னொன்று. கிராணிக்கு ஒரு மாதச் சம்பளமான 4,200 வெள்ளி போனசாகக் கிடைக்கிறது. அதற்குரிய 3 பங்கையும் வீட்டுக்காகச் சேர்த்தால் வரிக்குரிய வருமானம் 38,946 வெள்ளி, வரி 836.76. போனஸ் வந்த மாதத்திலேயே ஏறக்குறைய இந்தத் தொகை பிடிக்கப்பட்டுவிடும். சீட்டைப் பார்த்ததும் மனம் சுருங்கத்தான் செய்யும். ஆனால் மாதப் பிடித்தத்தில் எல்லாக் கழிவுகளும் தாமாகச் சேர்வதில்லை. இவர் 3,000 வெள்ளி ஆயுள் காப்புறுதி கட்டியிருக்கிறார். சொக்சோவுக்கு 350 வெள்ளி கழியும். பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிய 600 வெள்ளிக்கு ரசீது வைத்திருக்கிறார். இவற்றைக் கழித்தால் 34,996 வெள்ளி. 35,000 வெள்ளிக்குள் வந்துவிட்டதால் தள்ளுபடி திரும்பக் கிடைக்கிறது; பிடித்த பணம் முழுவதும் திரும்பி வரும். ரசீதில் ஐந்து வெள்ளி குறைந்திருந்தால் 35,001 ஆகி, 600 வெள்ளிக்கு மேல் வரி நின்றிருக்கும்.

அந்தப் பணம் தானாக வீடு தேடி வராது. மறு ஆண்டு ஏப்ரல் 30க்குள் பிஇ படிவத்தில் இந்தக் கழிவுகளை எழுதி வருமான வரி வாரியத்திற்கு அனுப்ப வேண்டும். ரசீதுகளை ஏழாண்டு வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வாரியம் கேட்டால் காட்டுவதற்கு அவைதாம் சான்று.