சோற்றுக்கு நடுவே ஒரு டம்ளர் தண்ணீர்

சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் வயிற்று அமிலம் நீர்த்துவிடும், சோறு செரிக்காது என்று பல வீடுகளில் சொல்வார்கள். அதே இலையில் ரசமும் மோரும் ஊற்றும்போது யாரும் தடுப்பதில்லை. இரண்டுமே பெரும்பாலும் தண்ணீர்தான். வடித்த சோற்றின் எடையிலேயே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்.

அமிலம் எவ்வளவு நீர்க்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமிலத்தின் கடுமையைச் சொல்வது பிஎச் அளவு; எண் குறையக் குறைய கடுமை கூடும். இரைப்பையில் பிஎச் 2 அளவில் 200 மில்லி அமில நீர் இருப்பதாகக் கொள்வோம். அதில் 200 மில்லி தண்ணீர் சேர்ந்தால் பிஎச் 2.3 ஆகும், அவ்வளவுதான். புரதத்தை உடைக்கும் பெப்சின் நொதி அந்த அளவில் நன்றாகவே வேலை செய்யும்.

உண்மையில் அமிலத்தை அதிகம் தணிப்பது பருப்பு, மீன், முட்டை போன்ற உணவுதான். புரதம் அமிலத்தை உறிஞ்சிக்கொள்வதால் சாப்பிட்டதும் பிஎச் 4, 5 வரைகூட ஏறும். இரைப்பை சும்மா இருப்பதில்லை. அது விரிவதும் உள்ளே புரதம் வந்திருப்பதும் தெரிந்ததும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் சுரந்து, மேலும் அமிலத்தை வரவழைக்கிறது. போதாத அமிலம் இப்படி ஈடாகிவிடும். குடித்த தண்ணீரோ கெட்டியான உணவுக்கு முன்பே குடலுக்கு இறங்கத் தொடங்கிவிடும். செரிமானத்தின் பெரும்பகுதி நடப்பதும் அங்கேதான். அங்கே கணையநீர் அமிலத்தை எப்படியும் முறித்துவிடுகிறது.

ஐஸ் தண்ணீர் குடித்தால் நெய் உறைந்து வயிற்றில் படியும் என்பார்கள். உறைந்தாலும் அது நிலைக்காது. சூடு, குளிர்ச்சி வேறுபட்ட பானங்களைக் கொடுத்துச் செய்த ஓர் ஆய்வு 1988இல் ‘கட்’ மருத்துவ இதழில் வெளியானது. 4 டிகிரி பானம் முதலில் சற்று மெதுவாகவே இரைப்பையை விட்டு இறங்கியது. ஆனால் அரை மணி நேரத்துக்குள் இரைப்பை உடல் வெப்பத்துக்குத் திரும்பிவிட்டது. அந்த வெப்பத்தில் நெய் இளகித்தான் இருக்கும். ஐஸ் தண்ணீர் கொழுப்பைக் கரைத்து உடலை இளைக்க வைக்கும் என்ற பேச்சும் அப்படித்தான். 5 டிகிரியில் இருக்கும் 250 மில்லி தண்ணீரை உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர 8 கிலோகலோரி போதும்.

சிலர் கவனிக்கத்தான் வேண்டும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டு அதன்மேல் நிறையக் குடித்தால், இரைப்பை உப்பி அமிலம் எதுக்களிக்கும். அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, சாப்பாட்டையும் தண்ணீரையும் தனித்தனியே எடுக்கும்படி மருத்துவர் சொல்வதுண்டு. விழுங்குவதில் சிக்கல் தரும் அகலேசியா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த பானம் நெஞ்சுவலியைக் கூட்டலாம். ஒற்றைத் தலைவலி உள்ள சிலருக்கு அது தலைவலியைக் கிளப்பும். மற்றவர்கள் சாப்பாட்டுக்கு நடுவே தாகம் எடுத்தால் குடிக்கலாம். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.