சமணர் என்றால் சேட்டா?

மதங்களைப் பற்றிய தவறான கருத்துகளில் பல, கண்ணில் பட்ட சிலரை வைத்துக் காணாத பலரை எடைபோடுவதால் வருகின்றன. தமிழ்நாட்டு வகுப்பறையில் இதைத் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடம் சமணப் பாடம். சமணர் யார் என்று கேட்டால் நான்கு பதில்கள் வழக்கமாக வரும்: அடகுக்கடை வைத்திருக்கும் சேட்டு, வாயில் வெள்ளைத் துணி கட்டியிருப்பவர், மகாவீரர் தொடங்கிய மதத்தைச் சேர்ந்தவர், ஒரு காலத்தில் இங்கே இருந்து, கழுவேற்றப்பட்டு அழிந்துபோனவர். நான்கும் ஒரே மாதிரியான தவறுகள் அல்ல. ஒன்று பாதி உண்மை, ஒன்று பாதிக்கும் குறைவு, ஒன்று வெறும் தகவல் பிழை, கடைசியாக உள்ளது மனத்தைக் காயப்படுத்தக்கூடியது. அதனால் எல்லாவற்றையும் ஒரே வழியில் திருத்த முடியாது.

இதில் இறங்கலாமா என்ற தயக்கம் ஆசிரியர்களுக்கு உண்டு. அரசின் முழுச் செலவில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் மதபோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. ஆனால் ஒரு மதத்தைப் போதிப்பதும் மதங்களைப் பற்றிக் கற்பிப்பதும் வேறு வேறு என்பதை 2002ஆம் ஆண்டு அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 'சமணர்கள் இப்படி நம்புகிறார்கள்' என்பது பாடம். 'இதுதான் சரி, இதை நம்புங்கள்' என்பது போதனை. இந்தக் கோட்டைத் தாண்டாத ஆசிரியர் அஞ்ச வேண்டியதில்லை.

பாடம் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 'சமணர்களைப் பற்றி நான் அறிந்தது' என்று ஒரு துண்டுத்தாளில், பெயர் போடாமல், இரண்டு வரி எழுதச் சொல்லலாம். பெயர் இல்லாததால் மாணவர் மனத்தில் உள்ளதை அப்படியே எழுதுவர். ஆசிரியர் அவற்றை வீட்டில் பிரித்து, அதிகம் வந்த கருத்துகளை மட்டும் எடுத்துக்கொள்வார். இதனால் யாருடைய தவறையும் முகத்துக்கு நேரே திருத்தும் நிலை வராது. பலர் முன்னே திருத்தப்பட்ட மாணவர் தன் கருத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்.

முதலில் சேட்டு. இந்தக் கருத்து ஒன்றுமில்லாமல் வந்ததல்ல. ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்து தமிழ்நாட்டு ஊர்களில் வட்டிக்கடையும் நகைக்கடையும் துணிக்கடையும் நடத்துபவர்களில் சமணர் பலர் உண்டு. ஆனால் அவர்களைத் தவிர, வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்ச் சமணர்கள் இருக்கிறார்கள். தாய்மொழி தமிழ். பெயருக்குப் பின்னால் நயினார் என்று போடுவார்கள். பலருடைய தொழில் விவசாயம்: நெல், மணிலாக்கொட்டை. விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் சுமார் 89 ஆயிரம் பேர். வடக்கிலிருந்து வந்தவர்களும் தமிழ்ச் சமணர்களும் அந்த எண்ணிக்கைக்குள் சேர்ந்தே வருகிறார்கள்.

இங்கே சொல்லும் வரிசைதான் முக்கியம். 'சமணர் என்றால் சேட்டு என்று பலர் நினைக்கிறீர்கள், அது தவறு' என்று தொடங்கினால், மாணவர் காதில் மறுபடியும் விழுவது 'சமணர் என்றால் சேட்டு' என்பதே. கேட்டுப் பழகிய வாக்கியம் உண்மை போலத் தோன்றும் என்பது உளவியல் ஆய்வுகளில் 1970களிலிருந்தே பார்க்கப்பட்டு வரும் ஒன்று. ஆகவே முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும்: வந்தவாசிப் பக்கம் நெல் விளைவிக்கும் சமணக் குடும்பத்தின் நாள் எப்படிப் போகிறது, பொழுது சாயும் முன் சாப்பிட்டுவிடும் வழக்கம் என்ன, கோயில் எப்படி இருக்கும். அதற்குப் பிறகு தவறான கருத்தை ஒரே ஒரு முறை குறிப்பிட்டு, அது எப்படி வந்தது என்று விளக்கலாம்: நகரத்து மாணவர் கண்ணில் கடைத்தெரு படுகிறது, செஞ்சிக் கிராமம் படுவதில்லை. கடைசியில் மீண்டும் உண்மை. தவறு எப்படி உண்டானது என்று தெரிந்தால் அதை விடுவது எளிது. தான் முட்டாள் ஆக்கப்பட்டதாக யாருக்கும் தோன்றாது.

வாய்த்துணி விஷயத்தில் 'எல்லாரும்', 'சிலர்' என்ற இரண்டு சொற்களே போதும். வாயில் எப்போதும் துணி கட்டியிருப்பவர்கள் சுவேதாம்பரர்களில் ஸ்தானகவாசி, தேராபந்தி என்ற பிரிவுகளின் துறவிகள். திகம்பரத் துறவிகள் கட்டுவதில்லை. இல்லறத்தார் அன்றாடம் அப்படி இருப்பதில்லை. தமிழ்ச் சமணர்களோ திகம்பரர்கள். மாணவர் எழுதிய வாக்கியத்தையே கரும்பலகையில் போட்டு, எந்த இடத்தில் 'சில துறவிகள்' என்று சேர்த்தால் அது உண்மையாகும் என்று கேட்டால் அவர்களே திருத்திவிடுவார்கள்.

மகாவீரர்தான் சமணத்தைத் தொடங்கியவர் என்பதற்கு ஒரு படமே மறுமொழி. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஒரு பெரிய பாறையில் 24 தீர்த்தங்கரர்கள் மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சமணர் கணக்கில் முதலாமவர் ரிஷபதேவர், மகாவீரர் 24ஆவது. இந்த 24 பேரும் வரலாற்று மனிதர்களா என்று ஒரு மாணவர் கேட்பார்; கேட்க வேண்டும். மகாவீரரையும், ஓரளவு அவருக்கு முந்தைய பார்சுவநாதரையும் வரலாற்றாய்வாளர் ஏற்கிறார்கள். மற்றவர்கள் சமண மரபின் நம்பிக்கை. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டால் போதும், எதையும் கேலி செய்ய வேண்டியதில்லை. அதே குன்றில் சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைக் குறிக்கும் பழைய கல்வெட்டும் உண்டு. இது வகுப்பில் 'தற்கொலைதானே' என்ற கேள்வியைக் கிளப்பும். அதை உடனே மறுக்கவோ ஒப்புக்கொள்ளவோ தேவையில்லை. சமணர் அதைச் சல்லேகனை என்று அழைத்து எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று சொல்லி, சட்டத்தின் பார்வையில் இது இன்றும் விவாதத்தில் இருக்கும் பொருள் என்று கூறினால் போதும்.

கிராமப்புற மாணவருக்கு இன்னொரு பயிற்சியும் உதவும். வயல்வெளியில் கிடக்கும் தீர்த்தங்கரர் சிலையைப் புத்தர் என்றோ முனி என்றோ ஊரில் சொல்வது பரவலான வழக்கம். தலைக்கு மேல் மூன்றடுக்குக் குடை, இரு பக்கமும் சாமரம் வீசுவோர், உடலில் ஆடை மடிப்பு இல்லாமை, உட்கார்ந்திருந்தால் மடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக இரு கைகள், நின்றிருந்தால் உடலை ஒட்டாமல் தொங்கும் கைகள்: இவை தீர்த்தங்கரருக்கான அடையாளங்கள். புத்தர் என்றால் மேலாடையின் விளிம்பு மார்பில் தெரியும். தன் ஊர்ச் சிலையைத் தானே அடையாளம் கண்ட மாணவர் அதை மறப்பதில்லை.

கழுவேற்றம்தான் கடினம். திருஞானசம்பந்தரோடு வாதில் தோற்ற 8,000 சமணர் மதுரையில் கழுவேறினர் என்பது சைவ மரபில் சொல்லப்படும் கதை. வகுப்பில் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். ஒரு நயினார் பிள்ளையும் இருக்கலாம். 'பொய்' என்றால் ஒரு பக்கம் புண்படும், 'நடந்தது' என்றால் மறுபக்கம் புண்படும். இரண்டில் எதற்கும் ஆசிரியரிடம் போதிய சான்றும் இல்லை. செய்யக்கூடியது நூலின் காலத்தைப் பார்ப்பது. சம்பந்தர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு. அந்த நிகழ்ச்சியை விரிவாகச் சொல்லும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு. இடையே 500 ஆண்டு. அவ்வளவு பேர் கழுவேறியதாகச் சொல்லும் சமகாலக் கல்வெட்டு கிடைக்கவில்லை. மறுபக்கம், அதற்குப் பிந்தைய பாண்டிய நாட்டில் சமணம் உயிரோடிருந்ததற்குக் கல்லிலேயே சான்று உண்டு: கழுகுமலைச் சிற்பங்கள் 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை; சித்தன்னவாசல் குகைக்கோயிலை 9ஆம் நூற்றாண்டில் இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் புதுப்பித்தார்.

இவற்றைப் பலகையில் ஒரு காலக்கோடாக வரைந்து, இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று மாணவரிடம் கேட்கலாம். மதப் பகையே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. தேவாரப் பாடல்களிலேயே சமணரைக் கடிந்துரைக்கும் இடங்கள் உண்டு. பாண்டிய நாட்டுச் சமணர் ஒரே நாளில் அழிந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. ஒரு மாணவர் குரலை உயர்த்தினால், 'இது உனக்கு எங்கிருந்து தெரிந்தது?' என்ற கேள்வி வாக்குவாதத்தை விவரத்தின் பக்கம் திருப்பும். 'யார் உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?' என்றால் அதுவே குற்றச்சாட்டாகிவிடும். அப்போதும் அடங்காத பேச்சை வகுப்பு முடிந்தபின் தனியாகப் பேசுவதுதான் நல்லது.

பல ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் பிழை ஒன்று, வகுப்பில் உள்ள சமண மாணவரை எழுப்பி 'உங்கள் வழக்கத்தைச் சொல்லேன்' என்பது. பதின்மூன்று வயதுப் பிள்ளையால் இரண்டாயிரம் ஆண்டு மரபுக்குப் பொறுப்பேற்க முடியாது. அந்தப் பிள்ளை வீட்டில் வெங்காயம் சாப்பிட்டால், அன்றிலிருந்து அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். தானாக முன்வந்தால் கேட்கலாம், அதுவும் 'எங்கள் வீட்டில்' என்று சொல்லும்படியாக. இன்னொரு பிழை, கெட்ட அச்சை உடைக்க நல்ல அச்சு வார்ப்பது. 'சமணர் எறும்புக்கும் தீங்கு நினையாதவர்' என்று புகழ்ந்தால் அதுவும் எல்லாரையும் ஒன்றாக்கும் பேச்சுதான்.

சமணத்தில் பழகிய இந்த முறை, சூடான பொருள்களிலும் உதவும். முஸ்லிம்கள் அதிகக் குழந்தை பெறுகிறார்கள் என்று ஒரு மாணவர் சொன்னால், அது முழுப்பொய் என்று அடிக்கக் கூடாது. அடித்தால் எண்களை அறிந்த மாணவரிடம் ஆசிரியர் நம்பிக்கையை இழப்பார். தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி, 1992-93இல் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் முஸ்லிம்களிடம் 4.4, இந்துக்களிடம் 3.3. 2019-21இல் அவை 2.4, 1.9. முஸ்லிம்களிடம் சற்று அதிகம் என்பது உண்மை. வேகமாகக் குறைவதும் இடைவெளி பாதிக்குமேல் சுருங்கியதும் உண்மை. பெண்கல்வி, வருமானம், மாநிலம் ஆகியவற்றோடு இந்த எண்கள் எப்படி மாறுகின்றன என்பது அடுத்த கேள்வியாக வகுப்பிலேயே எழும்.

திருத்தம் நிலைத்ததா என்று அறிய, பாடம் முடிந்து ஒரு மாதம் கழித்து வேறு வடிவில் கேட்க வேண்டும். 'சமணர் அனைவரும் சேட்டுகளா' என்றால் 'இல்லை' என்று மனப்பாடமாக வரும். 'ஆரணி அருகே மணிலா பயிரிடும் ஒருவர் சமணராக இருக்க முடியுமா, எப்படி உறுதி செய்வாய்?' என்று கேட்டால் மாணவர் யோசிக்க வேண்டும். இருக்க முடியும், ஆனால் தொழிலை வைத்து மட்டும் சொல்ல இயலாது, அவரிடமே கேட்க வேண்டும் என்று எழுதுபவருக்குப் பாடம் புரிந்திருக்கிறது. தமிழ்ச் சமணர் எல்லாரும் விவசாயிகள் என்று எழுதுபவர், பழைய பொதுமையை விட்டுப் புதியதைப் பிடித்திருக்கிறார். அவருக்கு அதே பாடத்தை இன்னொரு முறை, ஆசிரியரும் மருத்துவரும் வழக்கறிஞருமாக உள்ள தமிழ்ச் சமணர்களையும் காட்டி, நடத்த வேண்டியிருக்கும்.