ஸ்டாம்ப் பேப்பரில் கோணலாக விழும் பிரிண்ட்... காரணம் ட்ரேயில் இருக்கிறது!

ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ ஸ்டேஷனைச் சுற்றி ஐ.டி. கம்பெனிகள், மறுபக்கம் கிண்டி தொழிற்பேட்டை. வேலைக்காக வந்து வாடகைக்குக் குடியேறுகிறவர்களுக்குக் குறைவே இல்லாத ஏரியா இது. இப்படிப்பட்ட இடத்தில் ஜெராக்ஸ் கடைகளுக்கு அடிக்கடி வரும் வேலை, வாடகை ஒப்பந்தம். சாதாரணத் தாளில் பிரிண்ட் கோணலாக விழுந்தால் கசக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுக்கலாம். காசு கொடுத்து வாங்கிய ஸ்டாம்ப் பேப்பரில் விழுந்தால்? அதுவும் மேல்பாதியில் நேராக அச்சடித்த டிசைன் இருப்பதால், கீழே வரும் வரிகள் துளி சாய்ந்தாலும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இதற்கு மெஷினைக் குறை சொல்வதற்கு முன் பேப்பர் ட்ரேயைப் பார்க்க வேண்டும். தாளை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்க அதில் நகரும் தடுப்புகள் இருக்கும். அவைதான் பேப்பர் கைடு.

ஒரு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். முதல் பக்கம் ஸ்டாம்ப் பேப்பர், அடுத்த இரண்டு பக்கங்கள் ஏ4. லீகல் தாளின் அகலம் 216 மி.மீ., ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. ஸ்டாம்ப் பேப்பர் லீகல் அளவையொட்டி இருக்கும் என்பதால், கைடை அதற்கேற்ப அகலமாக வைத்து முதல் பக்கத்தை எடுத்தாகிவிட்டது. அப்புறம் கைடை நகர்த்தாமலேயே ஏ4 தாளைப் போட்டால் 6 மி.மீ. இடைவெளி கிடைக்கிறது. உருளை இழுக்கும்போது தாள் அந்த இடைவெளிக்குள் திரும்பிவிடும். 6 மி.மீ. என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. என்பதால் அது அதிகபட்சம் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் சாயும். 17 செ.மீ. நீளமுள்ள ஒரு வரியில் இந்தச் சாய்வு கிட்டத்தட்ட மூன்றரை மி.மீ. ஆகிவிடும். கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

எதிர்த்திசையிலும் தப்பு நடக்கும். கைடு ஏ4-க்கு இறுக்கமாக இருக்கும்போது அகலமான ஸ்டாம்ப் பேப்பரைத் திணித்தால், தாள் நடுவில் வில்லாக வளையும். ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். கோணல் மட்டுமல்ல, சிக்கிக் கிழியவும் வாய்ப்புண்டு. கைடு தாளைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. தாளை விரலால் லேசாகத் தூக்கினால் தடையில்லாமல் எழ வேண்டும். அதுதான் சரியான அளவு.

அடுத்த தப்பு, ட்ரேயில் மிச்சமிருக்கும் லீகல் தாள்களின் மேலேயே ஏ4 கட்டைப் போடுவது. அகலம் வேறு, தடிமன் வேறு என்றால் எந்தத் தாளுக்கும் கைடு பொருந்தாது. பழையதை எடுத்துவிட்டு, புதுக் கட்டின் ஓரங்களை மேஜையில் தட்டி நேராக்கிப் போடுவதே நல்லது. (தாளை விசிறிவிட வேண்டுமா என்பதில் கம்பெனிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. விசிறச் சொல்லும் கையேடும் உண்டு, கூடாது என்னும் கையேடும் உண்டு!)

ட்ரேயை நிரப்பி அடைப்பதும் இதே வேலையைச் செய்யும். கடைகளில் அதிகம் பார்க்கக்கூடிய எச்.பி. லேசர்ஜெட் 1020, கேனன் எல்.பி.பி. 2900 இரண்டிலும் கொள்ளளவு சுமார் 150 தாள்தான், அதுவும் சாதாரண மெல்லிய தாளுக்கு. அதற்கு மேல் போனால் மேல் தாள்கள் கைடின் பிடிக்கு மேலே நிற்கும். தடிமனான தாள் என்றால் எண்ணிக்கையை இன்னும் குறைக்க வேண்டும்.

எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டி போட்ட ஒரு பக்கத்தை ஐந்து தாளில் எடுங்கள். ஐந்தும் ஒரே பக்கம், ஒரே அளவு சாய்ந்தால் கைடைச் சந்தேகப்படலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி போனால் ட்ரே நிரம்பி வழிகிறது, அல்லது தாள் கலந்திருக்கிறது. ஜெராக்ஸ் மட்டும் கோணலாகி, கம்ப்யூட்டரிலிருந்து எடுப்பது நேராக வந்தால், கண்ணாடியில் வைத்த மூலமே கோணல். ட்ரேயில் எல்லாம் சரியாக இருந்தும் சாய்ந்தால், தாளை இழுக்கும் ரப்பர் உருளையில் ஒரு பக்கம் தூசியோ தேய்மானமோ இருக்கலாம். மெஷினை அணைத்து, பஞ்சு உதிராத துணியை லேசாக ஈரமாக்கித் துடைத்துப் பாருங்கள். தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஸ்டாம்ப் பேப்பருக்கு ட்ரேயே வேண்டாம். மேலே சொன்ன இரண்டு மெஷின்களிலும் ஒற்றைத் தாளுக்கென்று தனி வழி இருக்கிறது. முதலில் ஸ்டாம்ப் பேப்பரை ஸ்கேலால் அளந்து, அதே அகலத்துக்குக் கைடை வைத்து, சாதாரண லீகல் தாளில் ஒரு பிரிண்ட் எடுங்கள். அதை ஸ்டாம்ப் பேப்பரோடு சேர்த்து, மேல் ஓரங்களை ஒட்டிப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். வரிகள் டிசைனுக்குக் கீழே, நேராக உட்கார்ந்திருந்தால் ஸ்டாம்ப் பேப்பரை உள்ளே விடலாம். பிரிண்டர் செட்டிங்கில் பேப்பர் வகையைத் தடிமனான தாள் என்று மாற்ற மறக்க வேண்டாம். கோணலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாற்றாவிட்டால் தடித்த தாளில் எழுத்து சரியாக ஒட்டாமல் உதிரும்.